கணினிக் கூடத்துக் கீபோர்டுகளைச் சுத்தம் செய்து கிருமி நீக்குவது: விசைகள் கெடாமல் செய்யும் ஒழுங்கு

இது மேசைக் கணினிகளோடு வரும் சாதாரணக் கீபோர்டுகளுக்கான வழிகாட்டி. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துப் பாடசாலைகளில் நான் கண்டவை பெரும்பாலும் இந்த வகைதான். விசைகளுக்குக் கீழே ரப்பர் குமிழ்கள் இருக்கும். அவற்றுக்கும் கீழே, மின்சாரம் ஓடும் கோடுகள் அச்சிட்ட மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். விசையை அமுக்கும்போது மேல் தாளும் கீழ்த் தாளும் தொட்டுக்கொள்வதால்தான் எழுத்து விழுகிறது.

இந்த அமைப்பை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். கூடத்தில் பழுதாகி ஒதுக்கிய கீபோர்டுகளைத் திறந்து பார்த்தால், பலது அழுக்கால் கெட்டதில்லை, சுத்தம் செய்யப்போய்க் கெட்டது. அந்தத் தாள்களுக்கு இடையே ஈரம் போயிருக்கும், அல்லது மேலே தவறான திரவம் பட்டு எழுத்து அழிந்திருக்கும். கீழே உள்ள ஒழுங்கு முழுவதும் இந்த இரண்டையும் தடுப்பதற்கானது.

## 1. இரண்டு வேலை, ஒரே வரிசை

அழுக்கு எடுப்பது ஒரு வேலை, கிருமி நீக்குவது இன்னொரு வேலை. புதிதாகச் செய்பவர்கள் இரண்டையும் ஒரே துடைப்பில் முடிக்கப் பார்ப்பார்கள். விரலில் இருந்து வரும் எண்ணெயும் தூசியும் சேர்ந்து விசையின்மேல் ஒரு படையாகப் பிடித்திருக்கும். அதன்மேல் ஆல்கஹால் பூசினால் கிருமி படைக்கு அடியில் பத்திரமாக இருக்கும், ஆல்கஹால் மேலே காய்ந்துபோகும். அதனால் முதலில் அழுக்கு, அப்புறம் கிருமி. இந்த வரிசையை எப்போதும் மாற்ற வேண்டாம்.

முழுச் சுத்தம் தவணைக்கு ஒருமுறை, கூடம் அதிகம் பாவனையில் இருந்தால் மாதம் ஒருமுறை செய்தால் போதும். கிருமி நீக்கும் துடைப்பு, பிள்ளைகள் பாவித்த ஒவ்வொரு நாளும் பாடசாலை விட்டபிறகு. வகுப்புகளில் கண் நோயோ தடிமன் காய்ச்சலோ பரவும் காலத்தில் ஒரு வகுப்புக்கும் அடுத்த வகுப்புக்கும் இடையிலும் செய்யலாம்.

## 2. திரவத்தைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள்

எனக்குத் தெரிந்து அதிகம் சறுக்கும் இடம் இதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கிருமி நீக்க வேண்டியது 70 வீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். பெரிய பாமசிகளில் கேட்டுப் பாருங்கள், கைத்தொலைபேசி திருத்துபவர்களுக்குப் பொருட்கள் விற்கும் கடைகளிலும் கேட்கலாம். திருத்துபவர்கள் பாவிப்பது பெரும்பாலும் 99 வீதம். வலு கூடினால் நல்லதுதானே என்று அதை அப்படியே பாவிப்பவர்கள் உண்டு. ஆனால் 99 வீதம் சில விநாடிகளில் ஆவியாகிவிடும். கிருமியின் புரதத்தைச் சிதைக்க ஆல்கஹாலுக்குக் கொஞ்சம் தண்ணீரும் கொஞ்ச நேரமும் வேண்டும். 70 வீதத்தில் இரண்டும் கிடைக்கிறது.

99 வீதம் மட்டும் கிடைத்தால் கலக்கிக்கொள்ளுங்கள். அரை லீற்றருக்கு, 355 மில்லிலீற்றர் ஆல்கஹாலை அளந்து ஊற்றி, மிகுதிக்குத் தண்ணீர் விட்டு 500 ஆக்க வேண்டும். தண்ணீர், கார் பற்றறிக்கு ஊற்றுவதற்கு விற்கும் வடித்த நீராக இருக்கட்டும். பற்றறி அமிலமும் அதே தட்டில் இருக்கும், லேபிளைப் பார்த்து வாங்குங்கள். கல்லடி, காத்தான்குடி, அக்கரைப்பற்று போன்ற கரையோர ஊர்களின் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் உவர். அதைக் கலந்தால் காய்ந்தபிறகு கறுப்பு விசைகளில் வெள்ளை வெள்ளையாக உப்புப் படியும். அதே உப்பு உள்ளே போனால் தாளின் கோடுகளை அரிக்கவும் தொடங்கும்.

கடையில் லேபிள் இல்லாத போத்தலில் ஊற்றித் தந்தால் நேராகக் கீபோர்டில் வைக்காதீர்கள். கழன்று கிடக்கும் பழைய விசை ஒன்றின் உட்பக்கத்தில் ஒரு துளி விட்டு, ஒரு நிமிடம் கழித்து விரலால் தொட்டுப் பாருங்கள். வழவழப்பு மாறாமல் இருந்தால் சரி. பசைபோல் இழுத்தாலோ வெண்மையாக மங்கினாலோ அது தின்னர் கலந்தது. தின்னரும் நகப்பூச்சு நீக்கியும் இந்தப் பிளாஸ்டிக்கைக் கரைக்கும்.

பாவிக்கக் கூடாதவை வேறு சில உண்டு. குளோரின், பிளீச்சிங் பவுடர் கரைசல் உலோகத்தை அரிக்கும், வெளிர்நிறப் பிளாஸ்டிக்கை மஞ்சளாக்கும். அதை ஆல்கஹாலோடு ஒருபோதும் கலக்கக் கூடாது, நச்சுப் பொருட்கள் உண்டாகும். கை சுத்தம் செய்யும் ஜெல்லில் கிளிசரின் இருப்பதால் விசைகள் பிசுபிசுத்து, அடுத்த நாளே முன்னையைவிட அதிகம் தூசி பிடிக்கும். காயத்துக்குப் பூசும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டிலும் சில தயாரிப்புகளில் ஆமணக்கெண்ணெய் சேர்ந்திருக்கும். கண்ணாடியில் ஒரு துளி விட்டுக் காயவைத்துப் பார்த்தால் எண்ணெய்த் தடம் தெரியும். தண்ணீரில் விட்டால் பால்போல் வெளுக்கும் கிருமிநாசினியும் இதேபோல்தான் ஒரு படையை விட்டுப்போகும்.

## 3. மற்றப் பொருட்கள்

மைக்ரோபைபர் துணிகள், ஒரு அங்குல அகலப் பெயின்ட் பிரஷ் (புதியது), பாத்திரம் கழுவும் திரவம், காது துடைக்கும் பஞ்சுக்குச்சி, சிறிய ஸ்பிரே போத்தல், கையுறை. காற்று ஊதும் புளோவர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் வேலை நடக்கும்.

துணிக் கணக்கு முக்கியம். ஒரு துணியை இரண்டு தரம் மடித்தால், திருப்பித் திருப்பி எட்டு முகங்கள் கிடைக்கும். ஒரு கீபோர்டுக்கு இரண்டு முகம் என்றால் ஒரு துணியில் நான்கு கீபோர்டு. இருபது கணினி உள்ள கூடத்துக்கு ஒரு சுற்றுக்கு ஐந்து துணி வேண்டும். ஒரே துணியால் இருபதையும் துடைத்தால், முதல் கீபோர்டின் அழுக்கைக் கடைசிக் கீபோர்டு வரை கொண்டுபோய்ப் பூசுவதாகத்தான் முடியும்.

மேசை துடைக்கும் வெள்ளை நுரைப் பஞ்சு, பாத்திரம் தேய்க்கும் பச்சைத் தும்பு இரண்டையும் கூடத்துக்குள் கொண்டுவர வேண்டாம். நுரைப் பஞ்சு பார்ப்பதற்கு மென்மை, ஆனால் அது மிக நுண்ணிய அரத்தாள்தான். எழுத்தை உரித்துவிடும்.

## 4. ஆள், காற்று, மின்சாரம்

ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலின் ஆவி நம் ஊர் வெப்பத்தில் எந்த நேரமும் தீப்பற்றக்கூடியது. குளிரூட்டி போட்டு மூடிய கூடத்தில் இருபது கீபோர்டைத் துடைத்தால் ஆவி உள்ளேயே நிற்கும். முதலில் குளிரூட்டியை நிறுத்தி, யன்னல்களையும் கதவையும் திறந்து, கணினிகளை ஒழுங்காக ஷட்டவுன் செய்து, சுவர் ஆளியையும் யூபிஎஸ்ஸையும் அணையுங்கள். யூபிஎஸ் தனியாக அணைக்கப்படாவிட்டால் அதன் வெளியீட்டில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும்.

பிரஷ் பிடிப்பது, சவர்க்காரத் துணியால் துடைப்பது எல்லாம் மேல்வகுப்புப் பிள்ளைகள் செய்யலாம். ஆல்கஹால் போத்தல் ஆசிரியரின் கையில் மட்டும் இருக்கட்டும். வேலை முடிந்ததும் போத்தலில் பெயர் எழுதி, கூடத்துக்கு வெளியே, வெயில் படாத அலுமாரியில் பூட்டி வையுங்கள்.

## 5. கழற்றுவது

யூஎஸ்பி கீபோர்டைக் கணினி ஓடும்போதே கழற்றினாலும் கெடாது. ஆனால் பழைய கணினிகளில் ஊதா நிற வட்ட முனை இருக்கும். அதைக் கணினி ஓடும்போது கழற்றவோ மாட்டவோ கூடாது, தாய்ப்பலகையில் உள்ள துளையே பழுதாகலாம். மேலேயே எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

கழற்றுமுன் கீபோர்டின் அடியிலும் கணினியிலும் ஒரே இலக்கத்தை ஒட்டிவிடுங்கள். திரும்ப மாட்டும்போது எது எங்கே என்ற குழப்பம் வராது. பிறகு ஒன்று பழுதானால் எந்த இடத்துக் கீபோர்டு அடிக்கடி பழுதாகிறது என்றும் தெரியும். யன்னல் ஓரத்து மேசை என்றால் மழைச்சாரலைச் சந்தேகிக்கலாம்.

## 6. ஈரம் தொடாமல் முதல் சுத்தம்

கீபோர்டை வெளியே கொண்டுபோய்த் தலைகீழாகப் பிடித்து, பின்பக்கத்தை உள்ளங்கையால் தட்டுங்கள். நம் பக்கத்தில் கடல் மண் நிறைய விழும், கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் இன்னும் கூடும். பிஸ்கட் தூள், அதைத் தேடி வந்த எறும்பு, பல்லி எச்சம் எல்லாம் இதிலேயே வெளியேறும்.

பிறகு சாய்த்துப் பிடித்து, விசை வரிசைகளுக்கு நடுவே பிரஷை ஒரே திசையில் இழுங்கள். முன்னும் பின்னும் தேய்த்தால் மணல் விசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். புளோவர் என்றால் ஒரு சாண் தூரத்தில், பக்கவாட்டில் இருந்து ஊதுங்கள். நேர் மேலே இருந்து ஊதினால் தூசி குமிழுக்கு அடியில் இறங்கிவிடும்.

இந்தப் படியைத் தாண்டி நேராக ஈரத் துணிக்குப் போவது பரவலான தவறு. காய்ந்த மணலைத் தட்டி எடுக்கலாம். நனைந்த மணல் விசையின் ஓரத்தில் சேறாக ஒட்டிக்கொள்ளும். துணியில் மாட்டிய ஒரு மணல் பொடி போதும் எழுத்துகளில் கீறல் விழ.

## 7. சவர்க்காரத் துணி

ஒரு லீற்றர் தண்ணீருக்குப் பாத்திரம் கழுவும் திரவம் சில துளிகள் மட்டும் போதும். நுரை பொங்க வேண்டியதில்லை, கூடினால் அதைத் துடைத்தெடுப்பதே தனி வேலையாகிவிடும். துணியை முக்கி, முறுக்கிப் பிழியுங்கள். பிழிந்த துணியைக் கைக்குள் வைத்து மீண்டும் இறுக்கும்போது ஒரு சொட்டும் விழக்கூடாது. விழுந்தால் இன்னும் பிழிய வேண்டும்.

விசைகளின் மேல்முகத்தை இடமிருந்து வலமாக வரிசை வரிசையாகத் துடையுங்கள். ஒவ்வொரு விசையின் நான்கு பக்கச் சுவரிலும் கறுத்த பட்டை இருக்கும், அதற்குப் பஞ்சுக்குச்சியைச் சவர்க்கார நீரில் தொட்டுப் பிழிந்து பாவியுங்கள். அடுத்து, வெறும் வடித்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒருமுறை துடைத்துச் சவர்க்காரத்தை எடுத்துவிட வேண்டும்.

தமிழ் எழுத்து ஸ்டிக்கர் ஒட்டிய கீபோர்டுகளில் கவனம் தேவை. ஸ்டிக்கரின் நடுவில் இருந்து வெளி ஓரத்தை நோக்கித் துடைக்க வேண்டும். ஓரத்தில் இருந்து நடுவுக்கு இழுத்தால் விளிம்பு மெல்லக் கிளம்பும், கிளம்பிய விளிம்பைப் பிள்ளைகள் நகத்தால் உரித்து முடித்துவிடுவார்கள்.

## 8. கிருமி நீக்கும் துடைப்பு

இங்கே ஒரே விதி: ஸ்பிரே துணிக்கு, ஒருபோதும் கீபோர்டுக்கு இல்லை. கீபோர்டின்மேல் அடிக்கும் ஸ்பிரேயில் பெரும்பகுதி விசைகளின் இடைவெளியில்தான் இறங்கும். அங்கே கிருமி நீக்கி ஒரு பயனுமில்லை, விரல் படுவது மேலேதான்.

முதல்முறை செய்யும்போது, அதிகம் பாவிக்காத Scroll Lock அல்லது Pause விசையில் சோதியுங்கள். நனைத்த துணியால் பத்துத் தரம் தேய்த்து, துணியில் வெள்ளை மை ஏறுகிறதா பாருங்கள். ஏறினால் அந்தக் கீபோர்டின் எழுத்து மேலோட்டமாக அச்சிட்டது. அதற்குத் தேய்க்காமல், துணியை ஒற்றி எடுக்கும் முறையைப் பாவியுங்கள்.

மடித்த துணியின் ஒரு முகத்துக்கு நான்கு தரம் ஸ்பிரே அடித்தால் ஏறக்குறைய நான்கு மில்லிலீற்றர் வரும். அது ஒரு கீபோர்டுக்குப் போதும். இருபது கீபோர்டுக்கு 80 மில்லிலீற்றர், அதாவது நீங்கள் கலந்த அரை லீற்றர் ஆறு சுற்றுக்கு வரும். ஒரு சுற்றிலேயே கால் லீற்றர் முடிகிறதென்றால் எங்கேயோ அளவுக்கு மீறி நனைகிறது.

துடைத்தபிறகு விசையின் மேல் ஈரம் மின்ன வேண்டும், ஆனால் இடுக்கில் தேங்கக் கூடாது. அந்த ஈரம் அரை நிமிடமாவது நிற்க வேண்டும். மின்விசிறிக்கு நேர் கீழே அதற்குள் காய்ந்துவிட்டால், துணியின் அடுத்த முகத்தால் இரண்டாம் தரம் துடையுங்கள். Space, Enter, Shift, Backspace, இலக்க விசைகள், கீபோர்டைத் தூக்கும் இரு ஓரங்கள் ஆகியவற்றை விடவேண்டாம். மவுஸின் மேலையும் இரண்டு பக்கத்தையும் உருளையையும் இதே துணியால் துடைக்கலாம்.

வயிற்றோட்டம் பரவும் காலத்தில் இந்தத் துடைப்பை மட்டும் நம்பக்கூடாது. அதை உண்டாக்கும் வைரஸ்கள் சிலவற்றுக்கு ஆல்கஹால் சரியாக வேலை செய்யாது. அப்போது கூடத்துக்குள் வருமுன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவதுதான் பாதுகாப்பு. கை கழுவி, நன்றாகத் துடைத்தபிறகு உள்ளே விடுங்கள். ஈரக் கையோடு வரும் முப்பது பிள்ளைகள், ஒரு ஸ்பிரே போத்தலை விட அதிக தண்ணீரைக் கீபோர்டுக்குள் இறக்குவார்கள்.

## 9. காயவைப்பது

கீபோர்டை முகம் கீழே இருக்கும்படி, மேசை ஓரத்தில் சாய்த்து நிறுத்துங்கள். உள்ளே ஏதும் போயிருந்தால் தாளை நோக்கி இறங்காமல் வெளியே வடியும். நேர் வெயிலில் வைக்க வேண்டாம், பிளாஸ்டிக் வளையும், ஸ்டிக்கர் பசை இளகும்.

ஆல்கஹால் துடைப்பு மட்டும் என்றால் பத்து நிமிடம் போதும். சவர்க்காரத் துணி பாவித்த நாளில் சில மணி நேரம் வேண்டும். மாரி காலத்தில், கார்த்திகை தொடங்கித் தை வரை, காற்றே ஈரமாக இருக்கும். அப்போது முழுச் சுத்தத்தை வெள்ளிக்கிழமை செய்து, திங்கட்கிழமை மாட்டுவதுதான் நல்லது.

## 10. மாட்டிச் சோதிப்பது

இருபதையும் மாட்டியபிறகு, வகுப்பு தொடங்குமுன் ஒவ்வொன்றையும் சோதியுங்கள். விண்டோஸ் கணினியில் Win விசையோடு R அமுக்கி, வரும் பெட்டியில் இதை அடியுங்கள்:

```
osk
```

திரையில் ஒரு கீபோர்ட் தோன்றும். அதில் தெரியும் விசை எதையாவது நீங்கள் அமுக்கினால் அது ஒளிரும். இணையம் தேவையில்லை. இடது மூலையில் இருந்து வரிசையாக அமுக்கிக்கொண்டு வந்தால் ஓரிரு நிமிடத்தில் முடியும்.

என்ன பிழை என்பதை ஒளிரும் விதமே காட்டும். ஒரே ஒரு விசை ஒளிரவில்லை என்றால், அநேகமாக அதன் குமிழுக்கு அடியில் மணல், அல்லது குமிழ் நகர்ந்திருக்கும். யாரும் தொடாமலே ஒரு எழுத்து விழுந்துகொண்டே இருந்தால் தாள்களுக்கு இடையில் ஈரம். உடனே கழற்றி, இன்னும் ஒரு நாள் சாய்த்துக் காயவையுங்கள், மின்சாரத்தோடு விட்டால் கோடு அரிபடும். பக்கம் பக்கமாக இல்லாத மூன்று நான்கு விசைகள் ஒன்றாகச் செத்திருந்தால், அவை எல்லாம் ஒரே கோட்டில் தொங்குபவை. அந்தக் கோடு எங்கேயோ அறுந்திருக்கிறது. காயவைத்தும் சரிவராவிட்டால் அந்தக் கீபோர்டை மாற்றுவதுதான் வழி.

## 11. ஒட்டிக்கொண்ட விசை: பிளேன்டீ சிந்திய கீபோர்ட்

சீனி போட்ட பிளேன்டீ சிந்தி, G, H, B மூன்றும் அமுக்கினால் எழும்பாமல் நிற்கும் ஒரு கீபோர்டை எடுத்துக்கொள்வோம். எல்லாரும் முதலில் தேடுவது ஆல்கஹாலை. ஆனால் சீனி ஆல்கஹாலில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். ஆல்கஹால் எவ்வளவு விட்டாலும் பிசின் அப்படியே நிற்கும்.

முதலில் கீபோர்டைக் கைத்தொலைபேசியால் படம் எடுங்கள், தமிழ் ஸ்டிக்கர் தெளிவாகத் தெரிய வேண்டும். பிறகு ஒட்டிய மூன்று விசைகளை மட்டும் கழற்றுங்கள். தட்டையான பிளாஸ்டிக் கரண்டிக் காம்பை விசைக்கு அடியில் விட்டு நேர் மேலே தூக்க வேண்டும், சரித்து நெம்பினால் கால் முறியும். Space, Enter, Shift போன்ற நீள விசைகளுக்கு அடியில் ஒரு கம்பி இருக்கும். அதைத் திரும்பக் கொழுவுவது கடினம், ஆகவே அவற்றை முடிந்தவரை தொடாதீர்கள்.

கழற்றிய விசைகளை இளஞ்சூட்டு நீரில் போட்டு வையுங்கள். விசை இருந்த குழாயின் உட்சுவரை, இளஞ்சூட்டு வடித்த நீரில் தொட்டுப் பிழிந்த பஞ்சுக்குச்சியால் சுற்றித் துடையுங்கள். குச்சி பழுப்பாக வரும். வெள்ளையாக வரும்வரை குச்சியை மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். கடைசியில்தான் ஆல்கஹால்: 99 வீதத்தில் தொட்ட ஒரு குச்சியால் ஒருமுறை சுற்றினால் மிச்ச ஈரத்தையும் இழுத்துக்கொண்டு போகும். விசைகளைக் காயவைத்து, படத்தைப் பார்த்து நேராக அமுக்கிப் பூட்டுங்கள், ஒரு சிறு சத்தம் கேட்கும்.

மடிக்கணினியில் இந்தப் பகுதியைச் செய்யவே வேண்டாம். அதன் விசைக்கு அடியில் கத்தரிக்கோல்போல் மடியும் மெல்லிய கொழுவிகள் இருக்கும், கழற்றும்போதே முறியும். கீழே தாய்ப்பலகையும் இருப்பதால் சவர்க்காரத் துணியையும் தவிர்த்து, கணினியை அணைத்து, மின்கம்பியைக் கழற்றி, நன்றாகப் பிழிந்த ஆல்கஹால் துணியால் மேல்முகத்தை மட்டும் துடையுங்கள்.

## 12. அன்றாடச் சுற்று

தினமும் செய்ய வேண்டியது 4, 8 ஆகிய இரண்டு பகுதிகளும், தலைகீழாக ஒரு தட்டும் மட்டும்தான். கீபோர்டைக் கழற்றத் தேவையில்லை, கணினி அணைந்திருந்தால் போதும். துணிகளை அன்றன்றே சவர்க்காரத்தில் கழுவிக் காயவைக்க வேண்டும். துணி மென்மையாக்கும் திரவத்தைச் சேர்க்காதீர்கள். அது மைக்ரோபைபரின் இழைகளை மூடிவிடும், அடுத்த நாள் துணி அழுக்கை எடுக்காமல் வழுக்கிக்கொண்டு போகும். கூடத்தின் கதவுக்கு உட்பக்கம் ஒரு தாளை ஒட்டி, துடைத்த திகதியையும் பழுதான கீபோர்டின் இலக்கத்தையும் எழுதி வையுங்கள். அடுத்த தவணை கூடத்தைப் பொறுப்பெடுப்பவருக்கு எதில் இருந்து தொடங்குவது என்று அதைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.